429-ம் 503-ம் வந்தால் எப்படிக் காத்திருப்பது?

2021 ஏப்ரல் 28, மாலை 4 மணி. 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கான கொரோனா தடுப்பூசி முன்பதிவு கோவின் தளத்தில் அப்போதுதான் தொடங்கியது. திறந்த கையோடு பலருக்குத் தளம் திணறியது. ஓடிபி வரவில்லை, பக்கம் திறக்கவில்லை என்ற புகார்கள் நாடெங்கும் எழுந்தன. அன்று மாலை 4 முதல் 7 மணிக்குள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்ததாகவும், தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாகவும் அரசு தெரிவித்தது. கணக்கிட்டால், வினாடிக்கு 45,000.

பதிவு முடிந்த பிறகும் வேலை தீரவில்லை. எந்த மையத்தில், எந்தத் தேதியில் ஊசி இருக்கிறது என்று ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தகவலை நிரல்கள் நேரடியாகக் கேட்டுப் பெற கோவின் ஒரு பொது ஏபிஐ வைத்திருந்தது. மாவட்ட எண்ணையும் தேதியையும் கொடுத்தால் அந்த மாவட்டத்து மையங்களின் பட்டியல் வரும். மதுரை மாவட்டத்தின் எண் 540; பேரையூரும் அதற்குள் அடக்கம். நாடெங்கும் இளைஞர்கள் சிறுசிறு ஸ்கிரிப்ட்டுகள் எழுதி, ஊசி வந்ததும் தங்கள் ஊராருக்குத் தகவல் போகும்படி செய்தார்கள்.

அந்த ஏபிஐயின் அறிவிப்பில் இரண்டு விதிகள் இருந்தன. ஒரு ஐபி முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 கோரிக்கைகள்தான் அனுமதி. கிடைக்கும் தகவல் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம். இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டால், எந்த இணையச் சேவையோடும் ஒரு நிரல் எப்படிப் பேச வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இரண்டு மறுப்புகள், இரண்டு காரணங்கள்

நிரல் ஒரு கோரிக்கை அனுப்பினால் சர்வர் பதிலோடு ஒரு மூன்றிலக்க எண்ணையும் அனுப்பும். 200 என்றால் வேலை முடிந்தது. நமக்கு இங்கே முக்கியமானவை `429 Too Many Requests`, `503 Service Unavailable` என்ற இரண்டும்.

429 வந்தால், கேட்டவர் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டார் என்று பொருள். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பதில் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் கணக்கில், அல்லது உங்கள் ஐபி முகவரியில், இந்த நேரத்துக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த எண் 2012-இல்தான் முறைப்படி இணையத் தரவிதிகளில் சேர்ந்தது.

503 வந்தால் பிரச்சினை சர்வர் பக்கத்தில். பாரம் தாங்கவில்லை, அல்லது பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் அன்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தாலும் இது வரலாம்.

இரண்டுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு: இது தற்காலிகம், பிறகு வா. எவ்வளவு நேரம் கழித்து என்பதையும் சர்வரே சொல்லலாம். பதிலின் தலைப்புப் பகுதியில் `Retry-After` என்ற வரி இருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அது இரண்டு வடிவங்களில் வரும்:

```
Retry-After: 120
Retry-After: Wed, 05 May 2021 10:30:00 GMT
```

முதலாவது, 120 வினாடி கழித்து வா என்கிறது. இரண்டாவது நேரத்தையே குறித்துக் கொடுக்கிறது. கிரீன்விச் நேரம் என்பதால் நம் கடிகாரத்தில் அது மாலை 4 மணி.

எல்லா மறுப்பும் காத்திருந்தால் தீராது. 400 வந்தால் கோரிக்கையே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. 404 வந்தால் அந்த முகவரியில் எதுவும் இல்லை. 401 வந்தால் அடையாளச் சான்று சரியில்லை. இவற்றை நூறு முறை திருப்பி அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். 403 மட்டும் கொஞ்சம் குழப்பம் தரும். முறைப்படி அது அனுமதி மறுப்பு. ஆனால் சில சேவைகள் வரம்பு மீறியவர்களுக்கும் அதையே அனுப்புகின்றன. கிட்ஹப்பின் ஏபிஐ ஓர் உதாரணம்: அங்கே வரம்பு தீர்ந்தால் 403-ம் வரலாம், 429-ம் வரலாம். கூடவே வரும் `x-ratelimit-remaining` என்ற வரியில் 0 இருந்தால் ஒதுக்கீடு தீர்ந்தது என்று அர்த்தம். எப்போது மீண்டும் நிரம்பும் என்பது `x-ratelimit-reset` என்ற வரியில் இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் தலைப்பு வரிகளையும் பார்த்துவிடுவது நல்லது.

உடனே திரும்பக் கேட்டால் என்ன ஆகும்?

மறுப்பு வந்ததும் மீண்டும் கேட்கத் தோன்றுவது இயல்பு. ஒருவர் செய்தால் பெரிதாகத் தெரியாது. எல்லோரும் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சர்வர் வினாடிக்கு 1,000 கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். திடீரென வினாடிக்கு 1,200 வர ஆரம்பிக்கிறது. முதல் வினாடியில் 200 பேருக்கு 503. அவர்கள் அனைவரும் அடுத்த வினாடியே திரும்பக் கேட்கிறார்கள். புதிதாக வந்த 1,200, திரும்பி வந்த 200, ஆக 1,400. அதில் 400 பேருக்கு மறுப்பு. மூன்றாவது வினாடியில் 1,600. இப்படியே போனால் அறுபதாவது வினாடியில் சர்வர் வாசலில் 13,000 கோரிக்கைகள் நிற்கும். வெளியிலிருந்து உண்மையில் வருவது அப்போதும் 1,200 மட்டும்தான். மற்றதெல்லாம் திரும்பக் கேட்டதால் சேர்ந்த பாரம்.

இப்போது நெரிசல் குறைந்து, புதிய வரவு வினாடிக்கு 900 ஆகிறது என்று கொள்வோம். சர்வரின் கொள்ளளவுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனாலும் உடனே சரியாகாது. தேங்கி நிற்கும் 12,000 கோரிக்கைகளை வினாடிக்கு 100 வீதம்தான் தீர்க்க முடியும். அதற்கு இன்னும் இரண்டு நிமிடம். இதுவும் மறுப்புச் சொல்வதற்குச் செலவே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. மறுப்புச் சொல்லவும் இணைப்பைத் திறக்க வேண்டும், கோரிக்கையைப் படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும். அந்த வேலையில் சர்வரின் திறன் 1,000-லிருந்து 800-க்கு இறங்கிவிட்டால் 900 வரவையும் அதனால் சமாளிக்க முடியாது. கூட்டம் குறைந்த பிறகும் தளம் எழுந்திருக்காது.

இணையம் இந்தப் பாடத்தை வெகு நாட்களுக்கு முன்பே படித்தது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு வினாடிக்கு 32,000 பிட் வேகத்திலிருந்து 40 பிட்டாக விழுந்தது. இரண்டு இடங்களும் சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருந்தன. போய்ச் சேராத தகவலைக் கணினிகள் அவசர அவசரமாக மீண்டும் மீண்டும் அனுப்பியதே வீழ்ச்சியைப் பெரிதாக்கியது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட திருத்தங்களில் ஒன்று, தோல்விக்குத் தோல்வி காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவது பற்றியது. இன்று ஏபிஐக்குப் பயன்படுத்தும் பேக்-ஆஃப் முறையும் அதே வழியில் வந்ததுதான்.

இரட்டிப்பு, கூடவே கொஞ்சம் சிதறல்

பேக்-ஆஃப் என்பது ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் முன்பைவிடக் கூடுதலாகப் பின்வாங்குவது. முதல் மறுப்புக்கு 5 வினாடி, அடுத்து 10, பிறகு 20, 40, 80 என்று போகும். சின்னத் தடங்கல் என்றால் சீக்கிரமே பதில் கிடைத்துவிடும். பெரிய கோளாறு என்றால் நம் பாரம் தானாகவே குறைந்துகொண்டு வரும். அளவில்லாமல் இரட்டித்தால் பதினாறாவது முயற்சிக்குள் ஒரு நாளே கடந்துவிடும் என்பதால் ஓர் உச்ச வரம்பும் வேண்டும். முயற்சிகளுக்கு ஓர் எண்ணிக்கையும் வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே நொடியில் 503 வாங்கிய ஐயாயிரம் நிரல்கள் எல்லாமே 5 வினாடி காத்திருந்தால், ஐயாயிரமும் ஒரே நொடியில் திரும்பி வரும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் அத்தனை பேரும் அடுத்த பந்திக்குக் கதவு திறந்ததும் ஒன்றாக நுழைந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. காத்திருந்தும் நெரிசல் தீரவில்லை. ஐந்து வினாடி தள்ளிப் போயிருக்கிறது.

இதற்கு மாற்று, நேரத்தைச் சிதறடிப்பது. இதை ஜிட்டர் என்பார்கள். 20 வினாடி காத்திருக்க வேண்டிய இடத்தில், 0-க்கும் 20-க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து அவ்வளவு நேரம் காத்திருப்பது. ஐயாயிரம் நிரல்களும் இப்படிச் செய்தால் அவை 20 வினாடியில் பரவி, வினாடிக்கு 250 வீதம் வரும். 2015-இல் அமேசான் வெப் சர்வீசஸின் பொறியாளர் மார்க் புரூக்கர் இதைச் செய்து பார்த்து எழுதினார். சிதறல் இல்லாத இரட்டிப்பைவிடச் சிதறல் உள்ள இரட்டிப்பில் மொத்தக் கோரிக்கைகளும் குறைகின்றன, எல்லோருடைய வேலையும் சீக்கிரம் முடிகிறது என்று காட்டினார். காத்திருப்பு நேரம் சில சமயம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அப்படிச் சீக்கிரம் வருபவர்கள் சிலர்தான் என்பதால் சர்வருக்கு அது பாரமாகாது.

`Retry-After` வந்திருந்தால் நிலைமை வேறு. அதில் சொன்ன நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும்; சிதறலை அதன்மேல் கூட்ட வேண்டும். 120 என்றால் 120-லிருந்து 125-க்குள் ஏதோ ஒன்று.

இத்தனையையும் பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
import random, time, requests

def fetch(url, params, tries=8, base=5, cap=300):
    for n in range(tries):
        r = requests.get(url, params=params, timeout=20)
        if r.status_code not in (429, 503):
            r.raise_for_status()
            return r.json()
        if n == tries - 1:
            break
        ra = r.headers.get("Retry-After", "")
        if ra.isdigit():
            wait = int(ra) + random.uniform(0, 5)
        else:
            wait = random.uniform(0, min(cap, base * 2**n))
        print(r.status_code, "try", n + 1, "wait", round(wait))
        time.sleep(wait)
    raise RuntimeError("gave up")
```

429, 503 தவிர வேறு பிழை வந்தால் `raise_for_status` உடனே நிறுத்திவிடும். 404-ஐ எட்டு முறை கேட்கிற வீண் வேலை இதில் இல்லை. `Retry-After` தேதி வடிவில் வந்தால் இந்த நிரல் அதைப் படிக்காமல் வழக்கமான இரட்டிப்புக்குப் போய்விடும். நீங்கள் பயன்படுத்தும் சேவை தேதி வடிவில் அனுப்பினால் அதைப் படிக்க இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் 5, 300, 8 ஆகிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். எட்டு முயற்சிக்கு இடையே ஏழு காத்திருப்புகள். அவற்றின் உச்ச அளவு 5, 10, 20, 40, 80, 160, 300. கூட்டினால் 615 வினாடி. சிதறலால் சராசரியாக அதில் பாதிதான் ஆகும், அதாவது சுமார் 307 வினாடி. கோவின் விதியில் கணக்கு வைத்திருந்த காலம் 5 நிமிடம், 300 வினாடி. வரம்பு மீறிய நிரல் சராசரியாக அந்தக் காலத்தைத் தாண்டும் வரை தாக்குப்பிடிக்கும்படி எண்களை அமைத்திருக்கிறேன். பலர் 1, 2, 4, 8 வினாடி என்று நான்கு முறை காத்திருந்துவிட்டு, ஏபிஐ வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். 5 நிமிடக் கணக்கு வைத்திருக்கும் சர்வரிடம் 15 வினாடி காத்திருப்பு போதாது. மறுத்த கோரிக்கையையும் கணக்கில் சேர்க்கும் சர்வர்கள் உண்டு. அங்கே விடாமல் தட்டிக்கொண்டிருப்பவர் மேல் உள்ள தடை நீங்காது.

பேரையூரிலிருந்து மூன்று மாவட்டங்களைப் பார்த்தால்

2021 மே மாதம் பேரையூரில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரை மாவட்ட மையங்களை 5 வினாடிக்கு ஒரு முறை பார்க்கிறது. 5 நிமிடத்துக்கு 60 கோரிக்கை; வரம்பு 100, பிரச்சினை இல்லை. பேரையூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர். பக்கத்தில் விருதுநகர் மாவட்டமும் தேனி மாவட்டமும் உண்டு. அங்கே ஊசி இருந்தாலும் போகலாமே என்று அவற்றையும் சேர்க்கிறார். இப்போது 5 வினாடிக்கு 3 கோரிக்கை, 5 நிமிடத்துக்கு 180. மூன்று நிமிடம் ஆவதற்குள் 100 தீர்ந்துவிடும். அதன்பிறகு வருவதெல்லாம் மறுப்பு.

இங்கே பேக்-ஆஃப் மட்டும் சேர்த்தால் போதுமா? நிரல் நிற்காமல் ஓடும். ஆனால் மூன்று நிமிடம் ஓட்டம், பிறகு ஒரு காத்திருப்பு, மறுபடி ஓட்டம் என்று திணறிக்கொண்டே இருக்கும். தேவையே வரம்பைவிட அதிகமாக இருக்கும்போது காத்திருப்பது மருந்தாகாது. தேவையைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது விதி உதவுவது இங்கேதான். தகவல் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சேமித்து வைத்த தகவலை 5 வினாடிக்கு ஒரு முறை கேட்டால் பெரும்பாலும் அதே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரும். மாவட்டத்துக்கு நிமிடம் ஒரு முறை கேட்பதே தாராளம். மூன்று மாவட்டத்துக்கு நிமிடத்துக்கு 3, ஐந்து நிமிடத்துக்கு 15. மூன்றையும் ஒரே நொடியில் அனுப்பாமல் 20 வினாடி இடைவெளி விட்டு அனுப்பலாம். வரம்பில் 85 மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம் தேவைப்படுவதற்கும் காரணம் உண்டு. வரம்பு ஐபி முகவரிக்கு, ஆளுக்கு அல்ல. ஓர் இ-சேவை மையத்தில் நான்கு கணினிகள் இருந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே முகவரி. மொபைல் நெட்வொர்க்கிலும் ஏராளமான பேர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது சகஜம். போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் 100-ல் 95-ஐத் தின்றுவிட்டால், அதே முகவரியில் வரும் முகம் தெரியாத ஒருவருக்கு ஐந்துதான் மிஞ்சும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊசி தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கு, தான் கேட்காத கோரிக்கைக்காக மறுப்பு வரும். வரம்புக்குக் கீழே இருந்துவிட்டால் மட்டும் போதாது, நன்றாகக் கீழே இருக்க வேண்டும் என்பது அதனால்தான். நம் நிரல் ஒழுங்காகக் கேட்டும் 429 வந்தால், முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் வேறு யாரோ கேட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் திரும்பக் கேட்கலாம்?

மேலே பார்த்ததெல்லாம் தகவலைப் படிக்கும் கோரிக்கை. அதைப் பத்து முறை கேட்டாலும் எதுவும் மாறாது. பணம் செலுத்துவது, இடம் பதிவு செய்வது, ஓடிபி அனுப்பச் சொல்வது போன்றவை அப்படியல்ல. அதிலும் பதிலே வராமல் நேரம் கடந்து இணைப்பு அறுந்தால், வேலை முடிந்ததா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. சர்வர் பணத்தைப் பிடித்துவிட்டு, பதில் வரும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்த நிலையில் நிரல் தானாகத் திரும்பக் கேட்டால் இரண்டு முறை பணம் போகும். ஆகவே இவற்றுக்குத் திரும்பக் கேட்கும் முன் நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அல்லது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு திரும்பக் கேட்க வேண்டும். அதை ஆதரிக்கும் சேவைகள் இரண்டாவது கோரிக்கையைப் புதிய வேலையாக எடுத்துக்கொள்ளாது.

இன்னொரு கவனம், திரும்பக் கேட்கும் வேலை ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி தானாக நான்கு முறை முயல்கிறது, உங்கள் நிரல் அதை நான்கு முறை அழைக்கிறது, உங்கள் நிரலை இயக்கும் இன்னொரு நிரலும் நான்கு முறை முயல்கிறது என்றால் ஒரே ஒரு தேவைக்கு 64 கோரிக்கைகள் போகும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று இடத்திலும் நான்குதான் என்று தோன்றும்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நிரலில் `print` வரி ஒன்று இருக்கிறதே, அந்த லாகை ஒரு நாள் ஓடவிட்டுப் படித்துப் பாருங்கள். 503 எப்போதாவது வந்து, இரண்டு மூன்று முயற்சியில் தீர்ந்தால் எல்லாம் சரி. 503 வெகு நேரம் நீடித்து, முயற்சி எண் 6, 7 என்று ஏறினால் சேவைதான் விழுந்திருக்கிறது. நிரலை மாற்ற வேண்டியதில்லை. 429 ஒழுங்கான இடைவெளியில், ஒவ்வொரு மணி நேரமும், ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தால் நீங்கள் கேட்கும் அளவே அதிகம். அப்போது கைவைக்க வேண்டியது காத்திருப்பு எண்களில் அல்ல. எத்தனை முறை கேட்கிறோம், கிடைத்த பதிலைச் சேமித்து வைக்கிறோமா, ஒரே பட்டியலை இரண்டு இடத்திலிருந்து கேட்கிறோமா என்பதில். நன்றாக எழுதிய ஸ்கிரிப்ட்டின் லாகில் 429 அரிதாகவே இருக்கும்.